மூட்டைக் கணக்கும் மேசன் கணக்கும்: கொங்கிரீட் கலவையைச் சரிபார்க்கும் முறை



1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய நம்ம சொந்தக்காரங்க பல பேர். யுத்தம் முடிந்தபின் அவர்களில் ஏராளமானோருக்கு இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடு கிடைத்தது. மொத்தம் 50,000 வீடுகள். அதில் 46,000 வடக்கு கிழக்குக்கு, 4,000 மலையகத் தோட்டங்களுக்கு. வடக்கு கிழக்கில் 2012 அக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய பெரிய கட்டத்தில் வழி வேறு. கொந்தராத்துக்காரர் கட்டித் தரவில்லை. குடும்பத்துக்கு 5,50,000 ரூபா, வேலை முன்னேற முன்னேற பகுதி பகுதியாக வங்கிக் கணக்கில் வந்தது. சிமெந்து வாங்கியது, மணல் இறக்கியது, மேசனைப் பிடித்தது எல்லாம் வீட்டுக்காரர் பாடு.

அப்படி ஒரு வீட்டில் முதல் கேள்வியே இதுதான்: "அண்ணே, லிண்டலுக்கு எத்தனை மூட்டை சிமெந்து வேணும்?" மேசன் ஒரு எண் சொல்வார். அது கூடுதலா குறைவா என்று பார்க்க நமக்கு ஒரு கணக்கு வேண்டும். தோட்டத்திலும் இப்போது சொந்த வீடு கட்டுகிறோம், கக்கூஸ் கட்டுகிறோம், அடுப்படிக்குத் தளம் போடுகிறோம். அதனால் இந்தப் பாடம் இரண்டு பக்கத்துக்கும் பொது.

முதலில் விகிதம் என்றால் என்ன என்று பார்ப்போம். 1:2:4 என்றால் ஒரு பங்கு சிமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு முக்கால் அங்குல மெட்டல், அதாவது கருங்கல் சல்லி. லிண்டல் போன்ற கம்பி வைத்த சின்ன வேலைகளுக்கு நம் நாட்டில் வெகுகாலமாகப் புழங்கும் கலவை இதுதான். பங்கு என்பது கொள்ளளவு, எடை அல்ல. ஒரே பெட்டியால் அளந்தால் போதும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1+2+4 சேர்ந்தால் 7. ஆகவே 7 பெட்டி போட்டால் 7 பெட்டி கொங்கிரீட் வரும் என்று நினைக்கிறோம். வராது. நாலரைப் பெட்டிதான் வரும். மிச்சம் எங்கே போனது? ஒரு வாளி நிறைய மெட்டலைப் போட்டு, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பத்து லீற்றர் வாளியில் கல் நிரம்பிய பிறகும் நாலு லீற்றருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அவ்வளவு காற்று இடம் இருக்கிறது. கலக்கும்போது அந்த இடத்தில் மணல் போய் உட்காருகிறது. மணலுக்கு நடுவே உள்ள இடத்தில் சிமெந்துப் பசை போகிறது. குத்தி இறுக்கும்போது இன்னும் அமுங்குகிறது. அதனால் உலர்ந்த பொருள் அதிகம், வந்து சேரும் கொங்கிரீட் குறைவு.

இந்தக் குறைவைச் சரிக்கட்டத்தான் 1.54 என்ற எண். போட வேண்டிய கொங்கிரீட்டின் கன அளவை 1.54 ஆல் பெருக்கினால், உலர்ந்த நிலையில் மூன்று பொருளும் சேர்ந்து எவ்வளவு அளக்க வேண்டும் என்று தெரியும். 1.54 என்பது கல்லில் எழுதிய சட்டம் அல்ல. மெட்டலின் அளவு, வடிவம், மணலின் நயம் பொறுத்து 1.52 முதல் 1.57 வரை கணக்கில் எடுப்பார்கள். வீட்டு வேலைக்கு 1.54 போதும். இன்னொன்று: செங்கல் அல்லது கல் கட்டுகிற சாந்துக்கு இந்த எண்ணைப் போடக் கூடாது. அதில் மெட்டல் இல்லாததால் சுருக்கம் குறைவு. சாந்துக்கு வேறு எண்.

இனி கணக்கு. ஆறு அங்குலக் கல் கட்டிய ஒரு வீட்டில், சுவர் மேல் சுற்றி வர லிண்டல் வளையம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 100 அடி, அகலம் 6 அங்குலம், உயரம் 6 அங்குலம். அங்குலத்தை அடியாக்கினால் அரை அடி, அரை அடி.

கொங்கிரீட்: 100 × 0.5 × 0.5 = 25 கன அடி.
உலர்ந்த பொருள்: 25 × 1.54 = 38.5 கன அடி.
பங்குகள் ஏழு: 38.5 ÷ 7 = 5.5 கன அடி.

ஆகவே சிமெந்து ஒரு பங்கு, 5.5 கன அடி. மணல் இரண்டு பங்கு, 11 கன அடி. மெட்டல் நாலு பங்கு, 22 கன அடி. 50 கிலோ சிமெந்து மூட்டை ஒன்றின் கொள்ளளவு ஏறக்குறைய 1.23 கன அடி. 5.5 ஐ 1.23 ஆல் வகுத்தால் 4.47, அதாவது நாலரை மூட்டை. கொட்டுவது, சிந்துவது, பலகை விலகுவது என்று நூற்றுக்கு ஐந்து சேர்த்தாலும் ஐந்து மூட்டைக்குள் முடியும்.

இதை இன்னும் சுருக்கலாம். ஒரு மூட்டை 1.23 கன அடி. ஏழு பங்கு என்றால் 8.61, அதை 1.54 ஆல் வகுத்தால் 5.6. அதாவது 1:2:4 கலவையில் ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 5.6 கன அடி கொங்கிரீட் வரும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தால் போதும், தாளும் பென்சிலும் தேவைப்படாது. நிலத்துக்குப் போடும் 1:3:6 கலவையில் மூட்டைக்கு 8 கன அடி வரும். கடினமான 1:1½:3 கலவையில் 4.4 மட்டுமே வரும்.

இந்த எண்களால் பின்னோக்கியும் பார்க்கலாம். எங்கள் கருத்தில் இதன் பெரிய பயன் அதுதான். அன்று வேலை முடிந்ததும் வெறும் மூட்டைகளை எண்ணுங்கள். அதே 25 கன அடி லிண்டலுக்கு மூன்றே மூட்டை போயிருந்தால், 25 ÷ 3 = 8.3. மூட்டைக்கு எட்டு அடிக்கு மேல் வந்திருக்கிறது. அப்படியானால் அங்கே போட்டது 1:2:4 அல்ல, 1:3:6 கூட எட்டவில்லை. ஜன்னல் மேல் சுமை தாங்க வேண்டிய இடத்தில் நிலத்துக்குப் போடுகிற கலவை. மறுபக்கம், ஏழு மூட்டை போயிருந்தால் மூட்டைக்கு 3.6 தான் வந்திருக்கிறது. 1:1½:3 ஐ விடக் கடினமான கலவைக்கு உரிய சிமெந்து அது. பலகை பிதுங்கி அகலம் கூடியதா, கலவை மண்ணில் கொட்டி வீணானதா, அல்லது மூட்டை வேறு எங்காவது போனதா என்று கேட்க வேண்டிய இடம். உடனே மேசன்மேல் பழி போட வேண்டாம். முதலில் பலகையின் உள் அகலத்தை அளந்து பாருங்கள். ஆறு அங்குலம் ஏழாகியிருந்தால் கொங்கிரீட் 25 அல்ல, 29 கன அடி. வெறும் மூட்டைகளைக் கணக்கு முடியும்வரை எரிக்கவோ வேறு வேலைக்கு எடுக்கவோ விடாதீர்கள்.

அடுத்து மணல். கணக்கு எல்லாம் சரியாக இருந்தும் வேலையிடத்தில் கலவை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மேலே சொன்ன 11 கன அடி, உலர்ந்த மணலுக்கு. ஆற்றிலிருந்து ஏற்றி வந்து, மழையிலோ பனியிலோ கிடந்த மணல் ஈரமாக இருக்கும். ஈர மணல் ஊதிப்போகும். ஒவ்வொரு மணிக்கும் மேல் தண்ணீர்ப் படலம் ஒட்டி, ஒன்றை ஒன்று தள்ளி வைக்கும். இலேசான ஈரத்தில் நாலில் ஒரு பங்கு கூடக் கொள்ளளவு கூடலாம். நயமான மணலில் இன்னும் அதிகம். முற்றாகத் தண்ணீரில் மூழ்கினால் ஊதல் மறைந்துவிடும். இதை வைத்தே சோதனை செய்யலாம்.

நேரான சுவருள்ள ஒரு தகர டின் எடுங்கள். ஈர மணலைத் தட்டாமல், குத்தாமல் பத்து அங்குல உயரத்துக்கு நிரப்புங்கள். மணலை ஒரு சாக்கில் கொட்டிவிட்டு, டின்னில் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டு ஒரு குச்சியால் நன்றாகக் கிண்டி விடுங்கள். மணல் கீழே படிந்த உயரத்தை அளங்கள். 8 அங்குலம் என்றால் இரண்டு அங்குலம் ஊதல்; 2 ÷ 8 = 0.25, அதாவது நூற்றுக்கு 25. ஆகவே 11 கன அடி உலர் மணலுக்குப் பதில் 11 × 1.25 = 13.75 கன அடி ஈர மணல் அளக்க வேண்டும். சிமெந்தும் மெட்டலும் மாறாது.

இதைச் செய்யாமல் ஈர மணலை இரண்டு பெட்டி என்று அளந்தால், உண்மையில் விழுவது 1.6 பெட்டி மணல்தான். கல்லுக்கு நடுவே உள்ள இடம் நிரம்பாது. பலகை கழற்றும்போது தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக, கம்பி தெரிகிற மாதிரி இருக்கும். அதற்கு மேல் பூச்சு பூசி மறைக்கலாம். ஆனால் அந்த வழியாக ஈரம் போய் கம்பி துருப்பிடிக்கும். வாங்கும்போதும் இதே நஷ்டம்: இந்த ஈர மணலில் ஒரு கியூப் வாங்கினால், நூறு கன அடிக்குக் காசு கொடுத்து, உலர்ந்த கணக்கில் எண்பது கன அடியைத்தான் வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். உழவு இயந்திரப் பெட்டியில் வரும் மணலைக் கொட்டுவதற்கு முன்பே நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, நூறால் வகுத்துப் பார்த்தால் எத்தனை கியூப் என்று தெரிந்துவிடும்.

அளக்கும் பெட்டி பற்றிக் கொஞ்சம். சவல் கணக்கில் கலந்தால் விகிதம் நிற்காது. ஈர மணல் சவலில் குவியும், மெட்டல் சரியும், சாயங்காலம் கை சோர்ந்தால் எல்லாமே குறையும். பலகையால் உள்ளளவு 12 அங்குலம் நீளம், 12 அங்குலம் அகலம், 14¾ அங்குலம் உயரம் உள்ள ஒரு பெட்டி அடித்துக்கொள்ளுங்கள். அது சரியாக ஒரு மூட்டை சிமெந்தின் கொள்ளளவு. மூட்டையைப் பிரித்து அளக்க வேண்டாம். ஒரு மூட்டைக்கு நாலு பெட்டி மெட்டல், இரண்டு பெட்டி உலர் மணல்; மேலே சோதித்த ஈர மணல் என்றால் இரண்டரைப் பெட்டி. குவித்து அளக்காமல் மேலே ஒரு பலகையால் வழித்து விடுங்கள்.

தண்ணீர் இந்த 1.54 கணக்குக்குள் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அளவு எல்லாம் சரியாக இருந்தும், ஓடுகிற மாதிரி தண்ணீர் ஊற்றினால் கொங்கிரீட் பலவீனம்தான். மூட்டைக்கு 25 முதல் 27 லீற்றர். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைவு. மூட்டைகளை எண்ணி இதைக் கண்டுபிடிக்க முடியாது, கலக்கும்போது பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

பயிற்சிக்கு ஒன்று. 12 அடி நீளம், 10 அடி அகலமுள்ள அறைக்கு 3 அங்குலக் கனத்தில் 1:3:6 கலவையில் நிலம் போட வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

விடை: கொங்கிரீட் 30 கன அடி, உலர்ந்த பொருள் 46.2 கன அடி, பங்குகள் பத்து, சிமெந்து 4.62 கன அடி, அதாவது மூன்றே முக்கால் மூட்டை. உலர் மணல் ஏறக்குறைய 14 கன அடி. மெட்டல் 28 கன அடிக்குச் சற்றுக் குறைவு.