படங்களுக்கு மூன்று பிரதிகள்

சென்ற மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பு அன்பர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்தது. மறுபடி இணைத்தால் 'டிக், டிக்' சத்தம்தான் வந்தது. (இச்சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிட வேண்டும்; மேலும் முயன்றால் உள்ளே தகடு கீறிப்போகும்.) மகள் திருமணப் படங்கள் அதில் மட்டுமே இருந்தன.

உறவினர்களிடம் திரட்டிய படங்களைக் கொண்டு நாங்கள் இருவரும் செய்த ஏற்பாடு இது. முதல் பிரதி கம்ப்யூட்டரில். இரண்டாவது புதிய டிஸ்கில். மாதத்தின் முதல் ஞாயிறன்று காப்பி எடுத்து, கழற்றி, பீரோவில் வைத்துவிடுவார். செருகியே வைத்தால் மின்னழுத்தம் எகிறும்போது இரண்டும் சேர்ந்து போகும். மூன்றாவது, வேறு ஊரிலுள்ள மகள் வீட்டில். தீ, திருட்டு, வெள்ளம் எதுவும் இரண்டு ஊருக்கும் ஒன்றாக வராது. தீபாவளிக்கு மகள் வரும்போது இரு டிஸ்குகளையும் மாற்றிக்கொள்வார்கள்.

காப்பி எடுத்ததும், இரண்டு ஃபோல்டர்களிலும் Properties பார்த்துக் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவார். பிறகு பழைய படங்கள் ஐந்தாறைத் திறந்தும் பார்ப்பார்.

"கூகுள் போட்டோஸ் போதாதா?" என்று அவர் மனைவி கேட்டார். போனில் அந்தச் செயலியில் படத்தை அழித்தால் அங்கும் அழிந்துவிடும். அதன் குப்பைத்தொட்டியில் 60 நாள்தான் தங்கும்.