மாமிக்குத் தகலோகில் ஒரு நன்றி

எங்கள் மாமா குவைத்தில் வேலை செய்கிறார். அவர் மணந்திருப்பது பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு தாதியை. என் உயர்தர வகுப்புச் செலவுக்காக மாமி தன் சம்பளத்திலிருந்து காசு அனுப்பியிருந்தார். மாமா அனுப்பினால் "மாமா, காசு கிடைச்சிட்டு" என்று சொல்லிவிடலாம். மாமிக்குத் தமிழ் தெரியாது. அவருடைய தாய்மொழியான தகலோகிலேயே நன்றி சொல்ல ஆசைப்பட்டேன்.

ஹட்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். அவர் குவைத்தில் பிலிப்பைன்ஸ் பெண்களோடு ஒரே வீட்டில் வேலை செய்துவிட்டு வந்தவர். "ஆத்தெ என்று கூப்பிடு, சலாமத் என்று சொல்லு" என்றார். அப்படியே குரல் பதிவு அனுப்பினேன். மாமி சிரித்தபடி ஏதோ பதில் அனுப்பினார். பிறகு மாமாதான் தொலைபேசியில் விளக்கினார்: "மகள், ஆத்தெ என்றால் தாத்தா, மூத்த சகோதரி. மாமி உன் உம்மாவைத்தான் அப்படிக் கூப்பிடுவா. நீ அவவைத் தீத்தா என்று சொல்லணும்."

அந்தத் தாத்தா சொன்னதும் பிழையில்லை. ஒன்றாக வேலை செய்யும் பெண்கள், தம்மைவிடச் சில வயது மூத்தவரை 'ஆத்தெ' என்றே அழைப்பார்கள். ஆனால் மாமாவின் மனைவி எனக்கு ஒரு தலைமுறை மேலே. அவரை 'ஆத்தெ' என்றால், நான் அவரை என் தலைமுறைக்கு இறக்கிவிடுகிறேன்.

அதன் பின் மாமாவிடம் கேட்டு உறவுச் சொற்களை எழுதிக்கொண்டேன். நாம் மாமி, சாச்சி, பெரியம்மா என்று பிரித்துச் சொல்லும் எல்லோரும் அங்கே 'தீத்தா'தான். மாமா, சாச்சா, பெரியப்பா எல்லோரும் 'தீத்தோ'. நானாவுக்குக் 'கூயா', தாத்தாவுக்கு 'ஆத்தெ'.

நம் காதுக்குப் பழகிய ஒலிகள் சில அங்கே வேறு பொருள் தருகின்றன. 'நானாய்' என்றால் நானா இல்லை, உம்மா. 'மாமா' என்றால் தாய், அல்லது தெருவில் காணும் முன்பின் தெரியாத ஆண். ஆகவே மாமாவை 'மாமா' என்று தகலோகில் சொன்னால் உறவு தெரியாது. 'தீத்தோ' என்றே சொல்ல வேண்டும்.

இன்னொரு சொல்லில் இன்னும் பெரிய பிழை வரலாம். தமிழில் மாமாவுக்கு நான் மருமகள். மகனின் மனைவியும் மருமகள். தகலோகில் இவை இரண்டு சொற்கள். சகோதர சகோதரிகளின் பிள்ளை 'பமங்கின்', பிள்ளையின் துணை 'மனூகங்'. "உங்கள் மருமகள்" என்று நினைத்து நான் 'மனூகங்' என்று சொல்லியிருந்தால், மாமியின் மகனை மணந்தவள் என்றாகிவிடும்!

அடுத்தது மரியாதை. தமிழில் நீ, நீங்கள் இருப்பதுபோல், அங்கே 'மோ' என்பது 'உன்', 'நின்யோ' என்பது 'உங்கள்'. அதோடு 'போ' என்ற சிறு சொல்லும் சேரும். அது நம் "போ" அல்ல. பெரியவரிடம் பேசும் பேச்சுக்கு மரியாதை தரும் சொல். வெறும் 'சலாமத்' தோழிக்கு. 'சலாமத் போ' மாமிக்கு. 'சலாமத்' என்ற சொல்லும் நமக்கு அந்நியமில்லை. அரபியின் ஸலாமத் மலாய் வழியாக அங்கே சென்று, நன்றி என்ற பொருளில் நிலைத்திருக்கிறது.

மறுமுறை நான் சொன்னது இது:

"தீத்தா, நத்தங்கப் கோ ன போ அங் பதலா நின்யோ. மராமிங் சலாமத் போ."

நத்தங்கப் கோ ன: நான் பெற்றுக்கொண்டேன். அங் பதலா நின்யோ: நீங்கள் அனுப்பியதை. மராமிங் சலாமத்: மிக்க நன்றி. முதல் வாக்கியத்தில் 'போ' கடைசியில் வராமல், 'கோ', 'ன' என்ற சிறு சொற்களுக்குப் பின்னால் நிற்பதைக் கவனியுங்கள். காசுக்கு அங்கே 'பேரா' என்ற சொல் இருந்தாலும், தூரத்திலிருந்து வருவதைப் 'பதலா', அதாவது 'அனுப்பியது' என்கிறார்கள். வெறும் காசை மட்டும் சொல்லாமல் அனுப்பியவரையும் நினைக்கும் சொல் அது.

உம்மாவும் பேச விரும்பினா. அவ மாமியைவிட மூத்தவ. ஆகவே மாமியைப் பெயர் சொல்லியே அழைத்து, 'போ' இல்லாமல், 'நின்யோ'வுக்குப் பதில் 'மோ' போட்டுச் சொன்னா. ஒரே வீட்டிலிருந்து ஒரே நன்றிதான் போனது; ஆனால் யார் யாருக்குச் சொல்கிறார் என்பதற்கேற்ப அது மாறியது.

சற்று நேரத்தில் மாமியின் குரல் வந்தது. முதல் சொல்லே எனக்குப் புரிந்தது: "பமங்கின்..."