இசைவு எனும் வாதமும் சூழல் எனும் சான்றும்: ஃபோச்சா வழக்கை முன்வைத்து

முன்னுரை

போர்க்காலப் பாலியல் வன்முறை வழக்குகளில் மருத்துவத் தடயங்கள் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. பாதிக்கப்பட்டவரின் சொல்லே முதன்மைச் சான்றாகிறது. அச்சொல்லை நீதிமன்றம் எவ்வாறு மதிப்பிட்டது என்பதை ஃபோச்சா வழக்கின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. கிழக்குப் போஸ்னியாவின் ஃபோச்சா நகரம் 1992 ஏப்ரலில் செர்பியப் படைகளிடம் வீழ்ந்தது. அங்குள்ள பள்ளியிலும் பார்ட்டிசான் விளையாட்டரங்கிலும் முஸ்லிம் பெண்கள் அடைத்து வைக்கப்பட்டனர். இதன் தொடர்பில் குனாராட்ஸ், கோவாச், வுகோவிச் ஆகிய மூவரை முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயம் 2001 பிப்ரவரி 22 அன்று தண்டித்தது.

ஒரு செயல், இரு குற்றங்கள்

ஒரே வன்புணர்வு போர்க்குற்றமாகவும் மானுடத்திற்கு எதிரான குற்றமாகவும் அமையலாம். முன்னதற்கு, அச்செயல் ஆயுத மோதலோடு தொடர்புடையது எனக் காட்டல் வேண்டும். பின்னதற்கு, குடிமக்கள்மீது பரவலான அல்லது முறைப்படுத்தப்பட்ட தாக்குதல் நிகழ்ந்ததையும், தம் செயல் அதன் பகுதி என்பதைக் குற்றவாளி அறிந்திருந்ததையும் மெய்ப்பித்தல் வேண்டும். பரவலாக இருக்க வேண்டியது தாக்குதலே; தனி ஒருவரின் வன்புணர்வு அன்று. ஆகவே வீடுகள் எரிக்கப்பட்டமை, ஆடவர் சிறையிடப்பட்டமை முதலியவை பற்றிய சாட்சியங்களும் இவ்வழக்கில் இன்றியமையாதவை ஆயின.

இசைவு எனும் வாதம்

பார்ட்டிசான் அரங்கிலிருந்து ஒரு வீட்டிற்குக் கொண்டு செல்லப்பட்ட பெண் ஒருவரிடம், தளபதியை மகிழ்விக்காவிடில் கொல்லப்படுவாய் எனப் படைவீரன் ஒருவன் மிரட்டினான். அஞ்சிய அப்பெண் தாமே குனாராட்ஸை அணுகினார். மிரட்டலைத் தாம் அறியவில்லை என்றும் அவர் விரும்பியே வந்தார் என்றும் குனாராட்ஸ் வாதிட்டார். தீர்ப்பாயம் இதனை ஏற்கவில்லை. போர்ச்சூழலையும் அடைபட்ட பெண்களின் நிலையையும் அறிந்த ஒருவர் அந்நடத்தையை இசைவெனக் கருதியிருக்க இயலாது என்பது அதன் முடிவு. இங்குப் பெண்ணின் புறநடத்தையைவிடச் சூழலே வலிய சான்றாயிற்று. வலிமையைப் பயன்படுத்தியதோ, பெண் எதிர்த்துப் போராடியதோ மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை என்பதை மேல்முறையீட்டு அமர்வும் 2002 ஜூன் 12 அன்று தெளிவுபடுத்தியது.

சாட்சியத்தின் வலிமையும் எல்லையும்

தீர்ப்பாய விதி 96இன்படி, பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்தை வேறொரு சான்று உறுதிப்படுத்த வேண்டிய கட்டாயமில்லை. நிகழ்வுக்கும் விசாரணைக்கும் இடையே எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. நாள், வரிசை குறித்த சிறு முரண்களை நீதிபதிகள் பொய்யின் அடையாளமாகக் கொள்ளவில்லை. ஆயின் ஆள் அடையாளத்தில் அவர்கள் கண்டிப்புக் காட்டினர். நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டிலிருப்பவரைச் சுட்டிக்காட்டியதற்கு அவர்கள் சான்று மதிப்பு அளிக்கவில்லை. அங்கு அமர்ந்திருப்பவரே குற்றவாளி எனச் சாட்சி எளிதில் எண்ணிவிடலாம் அன்றோ? மாறாக, சாட்சி அவரை எவ்வளவு நேரம், எந்நிலையில் கண்டார் என்பன போன்ற விவரங்களே எடைபோடப்பட்டன.

முடிவுரை

பாதிக்கப்பட்டவரின் சொல் செயலை நிறுவுகிறது. சூழல் பற்றிய சான்றே இசைவு எனும் வாதத்தை முறியடித்து, அச்செயலைப் பன்னாட்டுக் குற்றமாக்குகிறது. எனவே போர்க்களத்தில் சான்று திரட்டுவோர் வன்கொடுமையை மட்டும் பதிவு செய்தல் போதாது. அடைத்து வைத்த இடம், காவல் நின்றோர், மிரட்டிய சொற்கள், குற்றவாளியைக் கண்ட நிலை ஆகியவற்றையும் தொடக்கத்திலேயே பதிவு செய்தல் வேண்டும் என்பது இவ்வழக்கால் பெறப்படுகிறது.