கொட்டேஷன் கேட்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

எங்கள் அலுவலகம் மதுரையில் ஒரு வாடகைக் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது. மொட்டை மாடியில் சோலார் போட்டுக்கொள்ள கட்டட உரிமையாளர் எழுத்து மூலம் சம்மதித்ததும், கொட்டேஷன் வாங்கும் வேலை என்னிடம் வந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "மூணு பேர்கிட்ட ரேட் கேளுங்க." ஆனால் ரேட்டை மட்டும் கேட்டால் ஒருவர் 5 கிலோவாட்டுக்குச் சொல்வார், இன்னொருவர் 10 கிலோவாட்டுக்குச் சொல்வார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அதனால் எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதை முதலில் நாங்களே முடிவு செய்தோம்.

எங்கள் ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 2,400 யூனிட், அதாவது நாளுக்கு 40 யூனிட். ஒரு கிலோவாட் சோலார் நம் ஊரில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். கணக்குப் பார்த்தால் 10 கிலோவாட் வருகிறது. பலரும் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள்.

வீட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் தமிழ்நாட்டில் வணிக இணைப்புக்கு நெட் மீட்டரிங் கிடையாது. நாம் பயன்படுத்தாமல் கிரிட்டுக்குப் போகும் யூனிட்டுக்கு, நாம் ஈ.பி.க்குக் கட்டும் விலையைவிடக் குறைவாகத்தான் வரவு வைப்பார்கள். ஆகவே வெயில் இருக்கும்போதே எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி. அதற்கு பில் போதாது, மீட்டரைப் பார்க்க வேண்டும்.

வழக்கமான ஒரு வேலை நாளில் காலை 11 மணிக்கு மீட்டரில் உள்ள kWh எண்ணைக் குறித்துக்கொண்டேன். மதியம் 2 மணிக்குப் பார்த்தபோது 13 யூனிட் ஓடியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு 13 என்றால் உச்சி வெயிலில் எங்கள் லோடு நாலரை கிலோவாட்டுக்கும் கீழே. 10 கிலோவாட் போட்டிருந்தால் அந்த நேரத்தில் கணிசமான பகுதி வெளியேதான் போகும். வெப்பம், தூசு எல்லாம் போக 6 கிலோவாட் பேனல் உச்சி வேளையில் ஏறக்குறைய இந்த லோடைத்தான் தரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணிசமாக வெளியே போகும், அது பரவாயில்லை.

பில்லில் அனுமதிக்கப்பட்ட லோடு 8 கிலோவாட் என்று இருந்தது. சோலார் அதைத் தாண்டக் கூடாது. 10 கிலோவாட் வேண்டுமென்றால் முதலில் லோடை உயர்த்தி, அதற்கும் பணம் கட்ட வேண்டும்.

அடுத்தது மாடி. கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் தேவை. எங்கள் தண்ணீர்த் தொட்டி தெற்கு ஓரத்தில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தொட்டியின் நிழல் வடக்கே நீளும். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும், அதோடு ஒரே வரிசையில் இணைத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையக்கூடும். அதனால் காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு மாடியைப் படம் எடுத்து, தொட்டியின் உயரத்தையும் அளந்து குறித்தேன்.

இவ்வளவும் கையில் வந்த பிறகு எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன்:

"வணக்கம். மதுரையில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு 6 கிலோவாட் ஆன்-கிரிட் சோலாருக்கு கொட்டேஷன் தேவை. வணிக இணைப்பு, த்ரீ பேஸ், அனுமதிக்கப்பட்ட லோடு 8 கிலோவாட். இரண்டு மாத உபயோகம் 2,400 யூனிட். உச்சி நேர லோடு சுமார் 4.3 கிலோவாட். வேலை நேரம் 9 முதல் 6, ஞாயிறு விடுமுறை. கான்கிரீட் மொட்டை மாடி, மேலே தட்டோடு பதித்தது. துளை போடாமல் பொருத்த வேண்டும். நிழலில்லாத இடம் 800 சதுர அடி. மாடியிலிருந்து மீட்டர் போர்டு வரை கேபிள் நீளம் சுமார் 25 மீட்டர். பில் நகல், மாடிப் படங்கள், வரைபடம் இணைத்துள்ளேன். பேனல், இன்வெர்ட்டர், ஸ்டரக்சர், கேபிள், எர்த்திங், இடிதாங்கி, ஈ.பி. விண்ணப்பம், இருவழி மீட்டர் ஆகியவற்றுக்கு விலையைத் தனித்தனியாகவும், ஜி.எஸ்.டி.யைத் தனியாகவும் காட்டவும். எந்த வேலை உங்கள் விலையில் சேராது என்பதையும் எழுதவும்."

கடைசி வரிக்கு வந்த பதில்கள்தான் அதிகம் உதவின. மொத்த விலை குறைவாக இருந்த ஒரு கொட்டேஷனில் இடிதாங்கியும் ஈ.பி. கட்டணமும் சேரவில்லை. இரண்டையும் கூட்டியதும் அதுதான் அதிகமானது.

கரன்ட் போனால் ஆன்-கிரிட் சோலாரும் நின்றுவிடும் என்பதையும் முன்பே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காகவே இன்வெர்ட்டர் அப்படி அணைகிறது. பேக்கப் வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்குத் தனிக் கொட்டேஷன் கேளுங்கள். இரண்டையும் ஒரே விலையில் கலக்க விடாதீர்கள்.

எல்லாவற்றையும் படித்த பிறகும் "பத்தே போட்டுடுங்க சார்" என்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் வேலை நேர லோடை வைத்து, மாதத்தில் எத்தனை யூனிட் வெளியே போகும் என்று எழுதித் தர முடியுமா?