புள்ளி ஓர் இடம் தள்ளினால்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, ராஜபாளையத்தில் நூற்பாலை உதிரிபாகம் செய்யும் பட்டறையில் டிராயிங் பழகுகிறாள் ஒரு பெண். 6204 பேரிங் உட்காரும் ஷாஃப்ட்டின் வரைபடம் லேத்துக்குப் போகவிருந்தது. விட்டம் 20 மி.மீ.; டாலரன்ஸ் மேல் எல்லை +0.15 என்றிருந்தது. அதை மைக்ரானாக்கிப் பார்த்தாள்: 150. பேரிங் துளையோ 20 மி.மீ.தான். ஏறக்குறைய இரண்டு தலைமுடி கனம் கூடினால் ஷாஃப்ட் எப்படி நுழையும்? டாலரன்ஸ் அட்டவணையைப் புரட்டினாள். மேல் எல்லை 15 மைக்ரான், அதாவது +0.015.

“அண்ணே, புள்ளிக்கு அப்புறம் ஒரு சைபர் விட்டுப்போச்சு.”

ஃபோர்மேன் வேலையை நிறுத்தி, தாளைத் திருத்த அனுப்பினார்.

வரைபடத்தைக் கொடுக்குமுன் டாலரன்ஸை மைக்ரானில் வாய்விட்டுப் படியுங்கள். பேரிங் உட்காரும் இடத்தில் நூற்றைத் தாண்டினால், அட்டவணையோடு ஒப்பிடாமல் அனுப்பாதீர்கள்.