பிரெஞ்சு மொழியின் ‘இ’, ‘ஆன்’ பதிலிடுபெயர்களும் தமிழின் அளவை ஆகுபெயரும்

திறவுச்சொற்கள்: பதிலிடுபெயர், அளவை ஆகுபெயர், தொகை, வினைமுன் நிலை, பிரெஞ்சு – தமிழ் ஒப்பீடு

முன்னுரை

‘ஆப்பிள் வாங்கினாயா?’ என்னும் வினாவிற்குத் தமிழர் ‘மூன்று வாங்கினேன்’ என விடையளிப்பர். இதே விடையைப் பிரெஞ்சில் சொல்லுக்குச் சொல் அமைத்து ‘ழே அஷ்தே த்ருவா’ என்றால், கேட்பவர் தொடர் முடிவுறவில்லை எனக் கருதி ‘மூன்று எவை?’ என்று காத்திருப்பார். அவர் எதிர்பார்க்கும் வடிவம் ‘ழான் நே அஷ்தே த்ருவா’ என்பதாகும். இரண்டு தொடர்களுக்கும் உள்ள வேறுபாடு ‘ஆன்’ என்னும் ஓரசைச் சொல் மட்டுமே. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு பிரெஞ்சு பயில்வோர் பெரும்பாலும் தவறவிடுவது இச்சொல்லைத்தான். கட்டுரையாளரும் தம் பயிற்சிக் காலத்தில் இதனைப் பலமுறை தவறவிட்டவரே. மறதியன்று இதற்குக் காரணம். தமிழில் எண்ணுப்பெயர் பெற்றுள்ள ஆற்றலே காரணம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பிரெஞ்சுத் தொடர்கள் இங்கு ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. ழாக் தெரிதா என்னும் பெயரில் வழங்குவது போலவே, ‘ழ’ இங்குப் பிரெஞ்சு ஒலியைக் குறிக்கும். ‘ஆன்’ என்பதன் இறுதி னகரம் தனி மெய்யன்று. உயிர் மூக்கொலியாகிறது என்பதற்கான குறியீடு. உயிரெழுத்து தொடரும்போது மட்டுமே அது நகர ஒலியாய் வெளிப்பட்டு அடுத்த சொல்லோடு இணையும். ‘ழெ’ (நான்) என்னும் எழுவாய் ‘ஆன்’ என்பதோடு புணர்ந்து ‘ழான்’ என்றாகும். (பிரெஞ்சு ஆண்பெயராகிய ‘ழான்’ என்பதன் ஒலியும் இதுவே. இவ்விரண்டையும் பிரித்தறிய இடம் நோக்குதலன்றி வேறு வழியில்லை.)

எண்ணுப்பெயரின் ஆற்றல்

நன்னூல் வகுக்கும் ஆகுபெயர்களுள் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்னும் நால்வகை அளவைப் பெயர்களும் இடம்பெறுகின்றன. அளவைச் சுட்டும் பெயர் அவ்வளவையுடைய பொருளுக்கு ஆகிவருதல் இதன் இலக்கணம். ‘இரண்டு கிலோ கொடுங்கள்’ என்பதில் எடுத்தலளவைப் பெயரும், ‘மூன்று வாங்கினேன்’ என்பதில் எண்ணுப்பெயரும் பொருளின் இடத்தில் நிற்கின்றன. எப்பொருள் என்பதை முன்னைய உரையாடலே தீர்மானிக்கும் இத்தகைய வழக்கு, நிலைபெற்ற ஆகுபெயரோ, பெயர் தொக்கு நின்ற தொடரோ என்பது விவாதத்திற்குரியது. எவ்வாறு கொள்ளினும், தமிழில் எண் தனித்துப் பெயராக நிற்கவல்லது என்பது ஐயமற்றது. ‘மூன்றை’, ‘மூன்றுக்கு’ என அது வேற்றுமையுருபையும் ஏற்கிறது.

பிரெஞ்சில் செயப்படுபொருள் நிலையில் வரும் எண்ணுக்கு இவ்வாற்றல் இல்லை. தான் தழுவும் பெயரை இழந்தால், அவ்விழப்பு வினைக்கு முன்னால் ‘ஆன்’ என்று பதிவு செய்யப்பட வேண்டும். பெயர் நீங்குகிறது, எண் தன்னிடத்திலேயே, வினைக்குப் பின்னர், நிற்கிறது, நீங்கிய பெயரின் பதிலியாக ‘ஆன்’ முன்னே செல்கிறது. ஆகவே ‘ஆன்’ அளவு முழுவதையும் பதிலிடுகிறது எனக் கொள்வது பிழையாகும். அது பதிலிடுவது அளக்கப்பட்ட பொருளை மட்டுமே. அளவு குறிப்பிடப்படாதபோதுதான் ‘ழான் நே’ (என்னிடம் உள்ளது) எனத் தனித்து நிற்கும்.

எஞ்சி நிற்கும் அளவுச்சொல் சில இடங்களில் உருமாறும். ‘கெல்க் பொம்’ (சில ஆப்பிள்கள்) என்பதிலிருந்து பெயர் நீங்கினால், ‘கெல்க்’ பெயரடையாதலின் தனித்து நிற்காது. ‘கெல்கஸ்யூன்’ எனப் பெயராக நீளும். ஒன்று என்னும் எண் பாலுக்கேற்ப வேறுபடும். ஆப்பிள் பிரெஞ்சில் பெண்பாலாதலின் ‘ழான் நே அஷ்தே யூன்’ என்றே கூறல் வேண்டும். இரண்டு முதலிய எண்களில் இவ்வேறுபாடு இல்லை. தமிழோ இதற்கு மாறாக உயர்திணை, அஃறிணை வேறுபாட்டை எண்ணிலேயே காட்டுகிறது. ‘உடன்பிறந்தார் உளரா?’ என்றால் ‘இருவர் உளர்’ என்போம். பிரெஞ்சுக்காரர் உடன்பிறந்தாருக்கும் ஆப்பிளுக்கும் ஒரே தொடரைப் பயன்படுத்தி, ‘ழான் நே தெ’ (இரண்டு உண்டு) என்பர்.

‘மூன்று’ என்பதும் ‘மூன்றையும்’ என்பதும்

பயில்வோர் ‘ஆன்’ என்பதைக் கற்றபின் செய்யும் பிழை வேறொன்று. எண் வருமிடமெல்லாம் அதனை இட்டுவிடுதல். கீழ்வரும் சூழலைக் கருதுக. தட்டில் மூன்று ஆப்பிள்கள் மட்டுமே இருந்தன. ‘மூன்றையும் வாங்கினேன்’ என்கிறார் ஒருவர். இங்கு ‘ழான் நே அஷ்தே த்ருவா’ என்றால், அவ்வகைப் பழங்களில் ஏதோ மூன்று என்றே பொருள்படும். உரிய தொடர் ‘ழெ லே ஸே அஷ்தே தூத் லே த்ருவா’ என்பதாகும். வினைமுன் வந்துள்ள ‘லே’ முன்னரே அறியப்பட்ட பொருள்களைச் சுட்டுகிறது.

இவ்விடத்தில் தமிழ் இலக்கண அறிவே கைகொடுக்கிறது. இரண்டாம் வேற்றுமையுருபு தொக்கு ‘மூன்று வாங்கினேன்’ என வந்தால் ‘ஆன்’. உருபும் முற்றும்மையும் விரிந்து ‘மூன்றையும்’ என வந்தால் ‘லே’. அஃறிணைப் பெயரில் ஐயுருபு வருதலும் தொகுதலும் பொருளின் வரையறையைப் பெரிதும் சார்ந்திருப்பதால், இச்சோதனை பெரும்பாலும் பிழைபடுவதில்லை. எழுத்திலும் ஒரு விளைவுண்டு. ‘லே’ முன்வரும்போது இறந்தகால எச்சம் அதன் பால், எண்ணுக்கு இயைந்து எழுதப்படும். ‘ஆன்’ முன்வரும்போது பொதுவாக இயைபு இல்லை.

எண் எழுவாயாகி வினைக்கு முன் நிற்குமிடத்தில் ‘ஆன்’ வேண்டப்படுவதில்லை. ‘த்ருவா ஸோன் பூரி’ (மூன்று அழுகிவிட்டன) என்பது முழுமையான தொடர். அங்கு மட்டும் பிரெஞ்சு எண் தமிழெண்ணைப் போலத் தனித்து நிற்கிறது. ஆயின் வெற்று எழுவாய் ‘இல்’ முன்வந்து எண் பின்தள்ளப்பட்டால், மீண்டும் ‘ஆன்’ தோன்றிவிடுகிறது: ‘இல் ஆன் ரெஸ்த் த்ருவா’ (மூன்று எஞ்சியுள்ளன). எனவே எண் வினைக்குப் பின்னே நிற்கிறதா என்பதே பயில்வோர் கேட்க வேண்டிய முதல் வினா.

இடத்தைப் பதிலிடல்

‘ஆன்’ என்பதன் மூலம் இலத்தீனின் ‘இந்தே’. ‘அவ்விடத்திலிருந்து’ என்பது அதன் பொருள். அப்பொருள் இன்றும் வழக்கிலுள்ளது. ‘லியோனிலிருந்து வருகிறாயா?’ என்பதற்கு ‘ழான் வியேன்’ (அங்கிருந்தே வருகிறேன்) என்பது விடை. அளவுப்பொருள் இதன் நீட்சியே. ஒரு தொகுதியிலிருந்து மூன்றைப் பிரித்தெடுத்தல் என விளக்கலாம். தமிழில் இத்தகைய பிரிப்பை ‘அவற்றில் மூன்று’ என இல்லுருபால் கூறுவதால், இல் எனில் இடம் எனக் கொண்டு ‘இ’ என்பதைத் தேர்ந்துவிடும் வாய்ப்பு தமிழ் மாணவருக்கு உண்டு. பிரெஞ்சில் நீங்கற்பொருளும் பகுப்புப்பொருளும் ‘ஆன்’ வசம். சேருமிடமும் இருக்குமிடமும் ‘இ’ வசம்.

‘பாரிசுக்குச் சென்றாயா?’ என்றால் தமிழில் ‘சென்றேன்’ என்பதே போதும். பிரெஞ்சில் ‘ழி ஸ்வி ஸாலே’ என இடம் பதிலிடப்படல் இயல்பு. இங்கு ‘அங்கு’ என்பதன் நேர்ப்பெயர்ப்பாகிய ‘லபா’ என்னும் சொல்லைத் தொடரிறுதியில் வைப்போர் பலர். அது இலக்கண வழுவன்று. ஆயின் அது தொலைவைச் சுட்டும் சுட்டுச்சொல். ‘இ’ எதையும் விரல்நீட்டிச் சுட்டுவதில்லை. முன்னர்ச் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறது, அவ்வளவே. ‘எங்கே?’ என்பதற்கு ‘அங்கே’ எனத் தமிழில் ஒற்றைச் சொல்லாய் விடை கூறலாம். ‘இ’ என மட்டும் கூற இயலாது. இடைச்சொல் தனித்து இயங்காது என்னும் தொல்காப்பியக் கருத்து இங்கு நினைவுகூரத் தக்கது. ‘இ’, ‘ஆன்’ இரண்டும் பொருளால் பெயர்களின் பதிலிகள். இயக்கத்தால் வினையைச் சார்ந்தே வாழ்பவை.

வினைமுன் நிலை

இச்சார்பே அவற்றின் இடத்தையும் நிருணயிக்கிறது. தனிவினையாயின் அதற்கு முன். கூட்டுக்காலமாயின் துணைவினைக்கு முன். எதிர்மறையில் மறுப்புச் சொல்லின் முதற்பகுதி பதிலிக்கும் முன்னே செல்லும்: ‘ழெ நான் நே பா அஷ்தே’ (வாங்கவில்லை).

இரு வினைகள் சேருமிடத்தில்தான் சிக்கல் எழுகிறது. ‘மூன்று வாங்க விரும்புகிறேன்’ என்பது ‘ழெ வெ ஆன் நஷ்தே த்ருவா’ என்றாகும். ‘ஆன்’ விரும்புதலுக்கு முன் வராது, வாங்குதலுக்கு முன்னரே வரும். மூன்று என்பது எவ்வினையின் செயப்படுபொருள் என வினவினால் விடை கிட்டும். வாங்குதலின் பொருளாதலால் அதனை ஒட்டியே நிற்கிறது.

உடன்பாட்டு ஏவலில் மட்டும் பதிலி வினைக்குப் பின் செல்லும். ‘போ’ என்பதற்குரிய ‘வா’ என்னும் ஏவல் ‘இ’ தொடரும்போது ‘வாஸி’ (அங்குப் போ) என்றாகிறது. இரு உயிர்களுக்கிடையே தோன்றும் இம்மெய், எழுத்திலும் இடம்பெறும். தமிழின் உடம்படுமெய்யை நினைவூட்டும் இதனை, ‘அஷெத் ஸான் த்ருவா’ (அதில் மூன்று வாங்கு) என்பதிலும் காணலாம். விலக்கும் ஏவலில் பதிலி மீண்டும் முன்னிடத்திற்கே திரும்பும்: ‘நி வா பா’ (அங்குப் போகாதே).

இரண்டும் ஒருங்கே வரின் ‘இ’ முன்னும் ‘ஆன்’ பின்னுமாக நிற்கும். ‘கூடையில் ஆப்பிள் உள்ளதா?’ என்பதற்கு ‘இல் யான் நா த்ருவா’ (மூன்று உள்ளன) என்பது அன்றாட விடை. இதிலுள்ள ‘இ’ கூடையைப் பதிலிடவில்லை. ‘உண்டு’ என்னும் பொருள்தரும் தொடரின் உறுப்பாய் உறைந்துவிட்டது. ‘ஆன்’ மட்டுமே உயிர்ப்புடன் ஆப்பிளைக் குறிக்கிறது. இதற்கு எதிர்த்திசையில் ‘இ’ மறைந்தே போகும் இடமும் ஒன்றுண்டு. செல்லுதல் வினையின் எதிர்கால வடிவம் இகர ஒலியிலேயே தொடங்குவதால், ‘அங்குச் செல்வேன்’ என்பதற்கு ‘ழிரே’ என்றே வழங்குவர். இரண்டு இகரங்கள் அடுத்தடுத்து வருதலைப் பிரெஞ்சுச் செவி ஏற்பதில்லை. எனவே அவ்வோரிடத்தில் மட்டும், இடத்தைச் சொல்லாமலே ‘செல்வேன்’ எனத் தமிழர் விடையளிக்கும் முறையிலேயே பிரெஞ்சுக்காரரும் விடையளிக்கின்றனர்.