முறுக்கில் மறைந்திருந்த கோதுமை

திருச்சிராப்பள்ளி மாவட்டத்து மணப்பாறை முறுக்குக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு முறுக்குத் தயாரிக்கும் பெண்மணி ஒருவர், இலண்டனில் தமிழ்க் குடும்பங்களுக்காக மளிகைப் பொருள்களை இறக்குமதி செய்யும் வணிகர்களுக்கு மின்னஞ்சல் எழுதினார்.

“அன்புடையீர், வணக்கம். எங்கள் முறுக்கில் அரிசி மாவு, உளுந்து மாவு, எள், ஓமம், பெருங்காயம், உப்பு, எண்ணெய் ஆகியவை உள்ளன. கோதுமை இல்லை.”

அனுப்புவதற்கு முன் அவருடைய மகள் பெருங்காய டப்பாவின் பின்புறத்தைப் படித்தாள். அதில் கோதுமை மாவு என்று அச்சிடப்பட்டிருந்தது. தூய பெருங்காயம் மிகுந்த காரமும் நெடியும் உடையது. ஆகவே அதனுடன் மாவும் பிசினும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கின்றனர்.

கோதுமை ஒவ்வாத குழந்தை அந்த முறுக்கை உண்டால் நோயுறக்கூடும். பிரித்தானியச் சட்டம் ஒவ்வாமை தரும் 14 வகை உணவுகளைக் குறிப்பிடுகிறது. பொதியின் பொருள் பட்டியலில் அவை தனித்துத் தெரிய வேண்டும். எள்ளும் கோதுமையும் அவற்றுள் அடங்கும்.

தாய் கடைசி வரியை நீக்கிவிட்டு இவ்வாறு எழுதினார்:

“எங்கள் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்துள்ளது. முறுக்கில் எள்ளும் உண்டு. இவ்விரண்டையும் பொதியில் தடித்த எழுத்தில் அச்சிடுவோம். அரிசி மாவு கலந்த பெருங்காயத்துக்கு மாறினால், பட்டியலைத் திருத்தித் தங்களுக்குத் தெரிவிப்போம். இங்ஙனம், உரிமையாளர்.”

பயிற்சி

1. தாய் நீக்கிய வரி எது? ஏன் நீக்கினார்?
2. அரிசி மாவு கலந்த பெருங்காயத்தைச் சேர்த்தாலும் பட்டியலில் தனித்துக் காட்ட வேண்டிய பொருள் எது?
3. உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவைப் படித்து, அதில் கலந்துள்ள மாவின் பெயரை எழுதுக.